பரமலிங்கம் சேர் திருத்திய பாதி

பரமலிங்கம் சேர் புள்ளி போட்டால் போட்டதுதான். புவியியல் துறையில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. குறைந்த புள்ளி வாங்கிய பொடியன்கூட அறையை விட்டு வெளியே வந்து, மனுசன் நியாயமாய்த்தான் போட்டிருக்கு என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பான். இருபது வருடமாகச் சம்பாதித்த பெயர். அந்தப் பெயரில் சேருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு முதல் வருட மாணவர்களின் கட்டுரைகளில் அவர் பாதியைத் திருத்தியிருந்தபோது, குடாநாட்டை விட்டுக் கொழும்புக்குப் போக இயக்கத்திடமிருந்து பாஸ் கிடைத்துவிட்டது. அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அதை எடுத்துக் கண்ணுக்குள் வில்லை வைக்க இங்கே வசதியில்லை. போரில் தரைப்பாதை மூடிக்கிடந்ததால் கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்தால்தான் உண்டு, பாஸைத் தவறவிட்டால் மறுபடி எப்போதென்று யாருக்கும் தெரியாது. மிச்சப் பாதியை, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத உதவி விரிவுரையாளர் மரியநாயகியிடம் விடவேண்டி வந்தது. சேர் பதறிப்போனார். சிறப்புப் பட்டத்துக்குப் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள், அந்தத் தெரிவில் இந்தக் கட்டுரைப் புள்ளியும் சேரும். பொடியளின் எதிர்காலத்தை நேற்று வந்த பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போவதா?

அதனால் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். பெரிதாக, எழுத்து எழுத்தாக, மூன்று பக்கம்.

"மரியநாயகிக்கு, இது நீர் திருத்தும் முதல் கட்டு. முதல் பத்துக் கட்டுரையையும் சும்மா வாசியும், புள்ளி போடவேண்டாம். இந்த வகுப்பு எவ்வளவு எழுதும் என்று தெரியாமல் போடும் புள்ளி, சந்தை விலை தெரியாமல் மீன் வாங்குகிற மாதிரி. பெயர் எழுதிய பக்கத்தை மடித்துவிட்டே திருத்தும். ஒரே இருப்பில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். பசியோடு திருத்தவேண்டாம், யாரோடும் சண்டை பிடித்துவிட்டு வந்தும் திருத்தவேண்டாம். அவசரப்பட்டால் கடைசியில் இருக்கிறவன்தான் அடிபடுவான்.

"பென்சிலால் போடும். முடிந்தபிறகு முதல் திருத்தியவற்றை எடுத்து மறுபடி வாசியும். உமது கை இடையில் இளகியிருக்கும், அல்லது இறுகியிருக்கும். எல்லாருக்கும் அது நடக்கும், வெட்கப்படவேண்டாம், திருத்திவிடும். ஒருவனுக்கு ஒரு சலுகை கொடுத்தால் கட்டு முழுவதற்கும் கொடுக்கவேண்டும். நான் திருத்திய பாதியும் அலுமாரியில் இருக்கிறது. தொடங்குமுன் அதில் சிலதை வாசித்து உமது கையை என் கையோடு ஒப்பிட்டுப் பாரும். இரண்டு பேர் திருத்தினாலும் ஒரே ஆள் திருத்தியதுபோல இருக்கவேண்டும். எங்காவது வித்தியாசம் பெரிதாக வந்தால் பேசாமல் இருந்துவிடவேண்டாம், எனக்குச் சொல்லும்."

கடைசி வரியை எழுதும்போது, வித்தியாசம் வந்தால் பிழை எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் சேருக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, புதுக் கண்ணாடியோடு திரும்பினார். வேலி, பூவரசு, எதிரே சைக்கிளில் வருகிறவரின் சட்டைப் பொத்தான் என்று வழியெல்லாம் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு துறைக்கு வந்தார். மரியநாயகி அறையில் காத்திருந்தாள். அவளுடைய பாதி முடிந்திருந்தது. ஆனால் புள்ளிப் பட்டியலை இன்னும் பீடக் கந்தோருக்குக் கொடுக்கவில்லை. சேர் ஏன் என்று கேட்டார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. அவர் சொன்னபடி அவருடைய கட்டுரைகளில் சிலதை வாசித்தாளாம். ஒன்றில் வித்தியாசம் பெரிதாக இருக்கவே, தன் கைதான் பிழையென்று நினைத்து இன்னும் சிலதை எடுத்தாளாம். கடைசியில் அவர் திருத்திய பாதி முழுவதையும் வாசித்துவிட்டாள். முக்கால்வாசி அச்சு அசல் ஒன்று. எட்டில் மட்டும் பத்து, பதினைந்து புள்ளி இடிக்கிறது. ஒரு கிழமை விட்டு, தான் போட்டதைப் பார்க்காமல் மறுபடி திருத்தினாளாம். அப்போதும் அதே எட்டுத்தான்.

சேருக்கு முகம் கறுத்தது.

"நான் எத்தினை வருசமாய்த் திருத்திறன் எண்டு தெரியுமோ உமக்கு?"

"ஓம் சேர், தெரியும். நானும் உங்களிட்டைப் புள்ளி வாங்கினவள்தான்."  நின்ற இடத்தை விட்டு அசையாமல் ஒரு கட்டுரையை எடுத்து நீட்டினாள். "அந்த எட்டும் சின்ன எழுத்துக் கட்டுரையள் சேர். ஒருக்கா இதைப் பாருங்கோ."

பொருளாதாரத் தடையால் தாள் கிடைக்காத காலம். இருக்கிற ஒற்றைத் தாளில் இரண்டு பக்கமும் விளிம்பும் விடாமல், மையிலும் தண்ணீர் கலந்து, எறும்பு ஊர்ந்ததுபோல எழுதுகிற பிள்ளைகள் இருந்தார்கள். குடாநாட்டுக் கிணறுகள் ஏன் உவராகின்றன என்பது கேள்வி. அவள் நீட்டிய கட்டுரையின் முடிவில் சேரின் கையெழுத்தில் 'உதாரணம் இல்லை' என்று இருந்தது. அதற்கு நேர் மேலே, கடைசி வரிக்கும் அந்தக் குறிப்புக்கும் இடையில், நாலு வரி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

சேர் வாசித்தார். பருத்தித்துறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. இறைப்பு மெஷினால் வருடக்கணக்காக இறைத்து உவர்த்துப்போன கிணறு. மண்ணெண்ணெய் வராமல் மெஷின் நின்றதும் துலா மிதித்துக் கொஞ்சமாக இறைத்தார்கள், இரண்டு மாரிக்குப் பிறகு அந்தத் தண்ணீரைக் குடிக்க முடிந்தது என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மிதக்கிறது, மேலே இருப்பதை அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருப்பது ஏறும் என்று அவர் வருடா வருடம் படிப்பிக்கிறார். இப்படி ஒரு உதாரணம் அவருக்கே கிடைத்ததில்லை.

மற்ற ஏழையும் வாங்கினார். 'விளக்கம் போதாது.' விளக்கம் இருந்தது. 'முடிவுரை எங்கே?' முடிவுரை இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கறுப்பாக, தனித்தனியாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கண் மங்கியதை அவர் வீதியில் உணர்ந்தார், கோயிலில் உணர்ந்தார். திருத்துகிற மேசையில் மட்டும் தன் கண்ணை அவர் சந்தேகிக்கவே இல்லை. இருபது வருடப் பெயர் கண்ணை மறைத்துவிட்டது.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இதைச் சொல்லாமல் பட்டியலைக் குடுத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது" என்றார்.

"புள்ளி குறைஞ்சது எட்டுப் பேருக்குத் தெரியும் சேர். ஆனால் அவையள் தங்கடை பிழை எண்டெல்லோ நினைச்சிருப்பினம்."

தன் துறையில் இப்படி ஒரு ஆள் வந்து சேர்ந்ததை நினைக்க, வெட்கத்துக்கு நடுவிலும் சேருக்குப் பெருமையாக இருந்தது. கடிதம் எழுதுவது சுலபம். எழுதியவனையே அந்தக் கடிதத்தின்படி நிறுத்துப் பார்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கட்டைத் தன் பக்கம் இழுத்தார். எட்டை மட்டும் திருத்தினால் அது சலுகையாகிவிடும், தான் திருத்திய பாதி முழுவதையும் புதிதாகத் திருத்தவேண்டும், இரண்டாம் ஆளாக அவள் பார்க்கவேண்டும், அதுவரை பட்டியல் போகாது என்றார். அவள் தலையாட்டினாள். ஆனாலும் போகாமல் நின்றாள்.

சேருக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை ஒரே மாதத்தில் படர்வதில்லை. போன வருடக் கட்டுரைகளையும் இந்தக் கண்தான் திருத்தியது. அந்த வருடத்துப் பதினைந்து பேரையும் தெரிவு செய்தாகிவிட்டது. வெளியே நின்றவர்கள் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்கள். இனி அதைக் கிளறினால் துறைத் தலைவர் குதிப்பார், பீடத்தில் கேள்வி வரும், பரமலிங்கத்தின் புள்ளியும் பிழைக்கும் என்று நாளைக்கே சந்தி சந்தியாகக் கதைப்பார்கள்.

சேர் கனநேரம் யோசிக்கவில்லை.

"போன வருசக் கட்டு களஞ்சிய அறையிலை இருக்கோ, இல்லை எறிஞ்சிட்டினமோ?"

"இருந்தது சேர். இப்ப உங்கடை மேசைக்குக் கீழை கிடக்கு." மரியநாயகி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் அவிழ்க்கேல்லை. நீங்கள் கேட்பியள் எண்டு தெரியும்."

பரமலிங்கம் சேர் குனிந்து, அந்தக் கட்டை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார்.