பார்சல் நம்பர் இல்லாத பிடித்தம்

திரையில் இருந்ததைப் பிரவீணா மூன்றாம் தடவையாகப் படித்தாள். அது மாறுவதாக இல்லை. தொலைந்த செல்போன் பார்சல், அதன் நம்பர், விலை நாலாயிரத்து முந்நூற்றைம்பது, எடுத்துப் போனவர் செல்லப்பாண்டி. ஆனால் அந்தப் பணத்தை அவள் வாரக் கணக்கில் பிடித்திருந்தது பால்பாண்டியிடம். அந்தப் பால்பாண்டிதான் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

“நம்பரச் சொல்லும்மா. பணத்தப் புடிச்சிருக்கீக, எந்தப் பார்சலுக்குப் புடிச்சீகன்னு ஒரு நம்பர் இருக்கும்ல? சொல்லு, நான் போயிர்றேன்.”

அரை மணி நேரமாகக் கத்திக் கத்தி அவர் தொண்டை கம்மிப் போயிருந்தது. அருப்புக்கோட்டையில் அந்தப் பார்சல் கிட்டங்கியில் காலை லோடு பிரிக்கும் நேரம். பதிமூன்று ரைடர்களும் ஸ்கேன் பண்ணுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செல்லப்பாண்டி மட்டும் வேலை செய்தான். ஒரே பார்சலை அவன் இரண்டு தடவை ஸ்கேன் பண்ணியதையும், மெஷின் கீச்சென்று மறுத்ததையும் பிரவீணா பார்த்தாள். இவனுக்குத் தெரியும், என்று அவளுக்கு அப்போதே உறைத்தது.

யாருக்கும் அங்கே சம்பளம் கிடையாது. கொண்டு சேர்த்த பார்சலுக்குப் பதினைந்து ரூபாய். பத்து கிலோமீட்டர் தாண்டினால் பார்சலுக்கு நாலு ரூபாய் கூடுதல், இருபது தாண்டினால் ஏழு. பெட்ரோல் அவரவர் பாடு, முள் குத்திப் பஞ்சரானால் அதுவும் அவரவர் பாடு. திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் உள்ள கணக்கைப் பிரவீணா ஷீட்டாகப் போட்டுச் செவ்வாய் சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் விடுவாள். ஆட்சேபம் இருந்தால் அன்று ராத்திரிக்குள் சொல்ல வேண்டும். புதன்கிழமை பணம் ஏறிவிடும்.

பால்பாண்டிக்குத் திருச்சுழி, நரிக்குடி லைன். இருநூற்று நாற்பது பார்சல் போட்டிருந்தார். தூரக் காசோடு ஐயாயிரத்துப் பத்து. வரிக்கு ஐம்பது போக, பிடித்தமும் போக, நேற்று அவர் கணக்கில் ஏறியது அறுநூற்றுப் பத்து ரூபாய். பணம் வந்த பிறகுதான் ஷீட்டையே திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் ஒரு பார்சல்கூடத் தொலைக்காதவருக்கு ஷீட்டைப் பார்க்க என்ன அவசியம்?

முதலாளி ராம்குமார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அந்த நம்பரைச் சொல்லித் தொலையேன் என்றார்.

பிரவீணா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். சம்பளம் ஏழாயிரம். தப்பு தன்னுடையது என்றால் நாலாயிரத்து முந்நூற்றைம்பதும் தன் தலையில்தான் விழும் என்பது மட்டுமே அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

“நம்பர் சிஸ்டத்துல காட்டலண்ணே,” என்றாள்.

அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நம்பர் இல்லாமல் எப்படிப் பிடித்தாய் என்று பால்பாண்டி கேட்டது நியாயம். ராம்குமார் அந்த நியாயத்தைக் காதில் வாங்கவில்லை. ஷீட்டு என்ன தானாகவா எழுதிக்கொள்ளும், எடுத்தவனுக்குத்தான் தெரியும் எதை எடுத்தோமென்று, என்றார் பத்துப் பேர் முன்னால்.

பால்பாண்டி தோளில் கிடந்த பெரிய பையைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்து உடைந்தது.

“நரிக்குடிக்கு அங்குட்டு மேப்பு காட்டாத ஊருக்கெல்லாம் ஆளக் கேட்டுக் கேட்டுப் போய்க் குடுத்தவன்டா நானு. ஒருநாள் முப்பதாயிரம் பார்சல் காசு வாங்கி, ராவோட ராவா கொண்டாந்து கட்டிருக்கேன். திருடுறவன் அத விட்டுட்டு இந்த நாலாயிரத்தயா திருடுவான்?”

டா என்றதுதான் ராம்குமாருக்குச் சுட்டது. அங்கேயே நின்றபடி பால்பாண்டியின் ஐடியை முடக்கினார். காரணம் கேட்ட கட்டத்தில் ‘பார்சல் திருட்டு’ என்று தட்டிக் கம்பெனிக்கு அனுப்பியும் விட்டார். அந்தக் காரணத்தோடு முடங்கிய ஐடிக்காரனை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. பால்பாண்டி வண்டியை மிதித்துக் கிளப்பிப் போனார்.

எல்லா ரைடரும் லைனுக்குப் போன பிறகு தப்பு எங்கே என்று பிரவீணா தேடினாள். தேடும்படி ஒன்றும் இல்லை. போன வாரம் முத்துராஜ் என்ற ரைடர் நின்றுவிட்டான். ஷீட்டிலிருந்து அவன் வரிசையை அவள் எடுத்துவிட்டாள். கம்பெனியிலிருந்து வாங்கி ராம்குமார் தரும் பிடித்தப் பட்டியலில் பெயர் இருக்காது, ரைடர் வரிசைப்படி தொகை மட்டும்தான். அதில் முத்துராஜுக்கான வெற்றுக் கட்டம் அப்படியே இருந்தது. அவள் மொத்தமாக அள்ளி ஒட்டியதில் அந்த வெற்றுக் கட்டம் அடுத்திருந்த செல்லப்பாண்டிக்குப் போனது. செல்லப்பாண்டியின் பிடித்தம் ஒரு கட்டம் இறங்கிப் பால்பாண்டி தலையில் உட்கார்ந்தது. அதற்குக் கீழே யாருக்கும் பிடித்தம் இல்லை. ஆகவே கூட்டுத்தொகை ஒரு பைசா பிசகவில்லை.

மத்தியானம் அவள் ராம்குமாரிடம் போய்ச் சொன்னாள். கத்துவார் என்று பயந்தாள். அவர் கத்தாததுதான் பயமாக இருந்தது. டிபன் டப்பாவை மூடிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். செல்லப்பாண்டிக்குப் பணம் போய்விட்டது, அவன் செலவழித்திருப்பான். திருட்டு என்று கம்பெனிக்கு மெயில் போயாயிற்று. இப்போது மாற்றிச் சொன்னால் பொய்ப் புகாருக்கான அபராதம், கம்பெனியிடம் தான் கட்டியிருக்கும் டெபாசிட்டிலிருந்து போகும்.

“ஒரு மாசம் போகட்டும், ஐடியத் தொறந்து விடுவோம். திருச்சுழிப் பார்சலையும் இருவது கிலோமீட்டரு தாண்டுனதா போட்டுரு. தூரக் காசு கம்பெனி குடுக்குறதுதான, கொஞ்சங்கொஞ்சமா அவனுக்குப் போயிரும். நீ வாயத் தொறக்காத.”

பிரவீணா இடத்துக்கு வந்து கணக்குப் போட்டாள். வாரத்துக்குத் திருச்சுழிப் பார்சல் தொண்ணூறு. நாலு ஏழானால் பார்சலுக்கு மூன்று ரூபாய் கூடும். வாரம் இருநூற்று எழுபது. பதினாறு வாரம் போனாலும் முப்பது ரூபாய் பாக்கி நிற்கும். அதுவரைக்கும், தன் பணம் தனக்கே சில்லறையாகத் திரும்புவது தெரியாமல், அவர் திருடனாகவே வண்டி ஓட்ட வேண்டும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. டிபன் டப்பாவை மூடிய அந்தக் கைமேல் கோபம். தலையைக் குனிந்து ஸ்கேன் பண்ணியவன்மேல் கோபம். ஏழாயிரத்துக்காகப் பொய் சொன்ன தன் நாக்குமேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

ஷீட்டைத் திறந்தாள். கட்டங்களைச் சரியாக ஏற்றினாள். பிடித்தத்துக்குப் பக்கத்தில் இதுவரை இல்லாத ஒரு பத்தியைச் சேர்த்துப் பார்சல் நம்பர் என்று தலைப்பிட்டாள். செல்லப்பாண்டி பெயருக்கு நேரே அந்த நம்பரை எழுதினாள். ‘போன வார ஷீட்டில் தவறு என்னுடையது. பால்பாண்டி அண்ணனுக்குப் பிடித்தம் எதுவும் கிடையாது’ என்று எழுதி ரைடர் குரூப்பில் விட்டாள்.

உடனே எல்லாம் வெடித்தது. முதலில் செல்லப்பாண்டி போனில் கூப்பிட்டு அசிங்கமாகத் திட்டினான். உள்ளறையிலிருந்து ராம்குமார் வந்து கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, நாளையிலிருந்து வராதே, இந்த மாதச் சம்பளத்தையும் மறந்துவிடு என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மனசு லேசாக இருந்தது.

ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது பால்பாண்டி போனில் கூப்பிட்டார். ஷீட்டைப் பார்த்தேன் என்றார். குரலில் காலையில் இருந்த சூடு இல்லை. கட்டம் மாறியதை அவள் திக்கித் திக்கிச் சொல்ல, அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எந்திரத்துல தப்பு வர்றது சகஜந்தான், நீ சின்னப் புள்ள, வேலை போச்சாமே, என்று அவளுக்காக வருத்தப்படவும் செய்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போனை வைக்கவில்லை.

“ஏம்மா,” என்றார். “காலைல நான் அங்க நின்னு நம்பரு கேட்டேன்ல. அப்பவே ஒனக்குத் தெரியுமா?”