சோதனைப் பாதி

சோதிக்கும்போது நல்லாத்தானே இருந்தது? இருபத்தொன்பது விசையையும் ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சோதித்தாயிற்று என்று பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் கையெழுத்தும் போட்டேன். அப்புறம் எப்படி? கை கோளாறா, கண் கோளாறா, இல்லை எனக்கே ஏதாவது கோளாறா?

இப்படித் தனக்குள் கேட்டுக்கொண்டே அவள் திரும்பி வந்த பெட்டியைத் திறந்தாள். இரண்டாகப் பிளந்த கீபோர்டு. இடப்பாதி ஒரு கைக்கு, வலப்பாதி ஒரு கைக்கு. நடுவில் இரண்டையும் இணைக்கும் சின்னக் கேபிள், இயர்போனுக்கு இருப்பதைப் போன்ற பிளக்கோடு. வலப்பாதி செத்துப்போயிருந்தது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது.

கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் கொழுந்தன் ஆர்டர்களையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்வான். உள்ளறையில் ஜன்னலோரமாக ஓர்ப்படி சால்டரிங் செய்வாள். எதிர் மேசையில் இவள் சோதனை பார்ப்பாள். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று பேர்தான்.

"என்னக்கா, மறுபடியுமா?" என்றாள் ஓர்ப்படி, புகையை ஊதித் தள்ளியபடி. "ஒண்ணா இருந்ததை ரெண்டா வெட்டி வித்தோம். புகாரும் ரெண்டு மடங்கா வருது."

"உன் சால்டரிங்ல ஒரு குறையும் இல்லடி. பார்த்துட்டேன்."

"அப்ப என் தலை தப்பிச்சுது."

அவள் சிரிக்கவில்லை. கேபிளை மீட்டரில் வைத்துப் பார்த்தாள். நான்கு கம்பியும் முழுசாக இருந்தன. பிளக் நுழையும் ஜாக்கும் சரி. வலப்பாதியின் சிப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு ஒன்றைப் பொருத்தினாள். உடனே உயிர் வந்துவிட்டது. அப்படியானால் பழைய சிப்தான். அதன் சின்ன உலோகக் கால்களில் மீட்டர் முனைகளை வைத்தாள். இடப்பாதியோடு பேசுகிற கம்பி வந்து சேரும் காலில், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டிய இடத்தில், கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டியது. மற்ற எல்லாக் காலும் நலம். அந்த ஒன்று மட்டும் உள்ளே வெந்துபோயிருந்தது.

முந்தைய இரண்டிலும் இதே கால்தான்.

இது எப்படி வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பெட்டிக்குள் வைக்கும் குறிப்புத்தாளை எழுதியதே அவள்தான். முதலில் இரண்டு பாதியையும் கேபிளால் இணையுங்கள், பிறகுதான் கணினியில் செருகுங்கள், மின்சாரம் ஓடும்போது நடுக்கேபிளைச் செருகவும் வேண்டாம், உருவவும் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். படிக்காதவர்களை என்ன செய்வது?

ஆனால் இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிய அம்மா படித்திருந்தாள்.

முன்னறையிலிருந்து கொழுந்தன் தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். "அண்ணி, அந்த டைப்பிஸ்ட் அம்மா. உங்ககிட்டதான் பேசணுமாம்."

"அட்டையில உங்க கையெழுத்து இருந்துச்சு, அதான் உங்களையே கேட்டேன்," என்றது குரல். விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குகிற வேலை அந்த அம்மாளுக்கு. "நாள் முழுக்க அடிச்சு மணிக்கட்டு ரெண்டும் போச்சுங்க. இது வந்தப்புறம்தான் வலி இல்லாம உட்கார்றேன். எடுத்த எடுப்பிலேயே நீங்க எழுதின மாதிரி மாட்டினேன். அன்னையிலேர்ந்து அந்தக் கேபிளை நான் தொடவே இல்ல. தூசி தட்டுறதுக்குக்கூட தூக்கினது கிடையாது."

"சரிங்க. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"ஆபீஸ்ல இதை நிறைய யோசிச்சுத்தான் வாங்கிக் கொடுத்தாங்க. நான் கெடுத்ததா, தானாப் போனதான்னு உங்ககிட்ட எழுத்துல வாங்கிட்டு வரச் சொல்றாங்க. நான் கெடுத்ததுன்னு வந்தா பழைய கீபோர்டுதான். அது என்னால முடியாதுங்க." பிறகு, "என்ன நடந்ததோ அதை எழுதுங்க, போதும்," என்றாள்.

என்ன நடந்ததோ அதை. பேசி வைத்த பிறகும் அந்தச் சொற்கள் அவள் காதைவிட்டு இறங்கவில்லை. பொய் சொல்கிற குரல் இல்லை. ஆனால் பொய்யே குரலை மாற்றிக்கொண்டு வருவதில்லையா? தொடாத கேபிள் எப்படிக் காலைச் சுடும்? பேய் வந்து செருகியதா? யோசிக்க யோசிக்க நூல் சிக்கலில் நுனியைத் தேடுவதுபோலத்தான் இருந்தது. ஒன்றை இழுத்தால் வேறொன்று இறுகியது.

யோசனை சோறு போடாது. அன்றைக்குச் சோதிக்கவேண்டிய வலப்பாதிகள் பன்னிரண்டு அடுக்கியிருந்தன.

அதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. இடப்பாதிகளை ஒவ்வொன்றாக நேரே கணினியில் செருகிப் பார்த்துவிடலாம். வலப்பாதிக்கு மின்சாரமும் பேச்சும் நடுக்கேபிள் வழியாகத்தான் போகும். அதனால் ஒரு பழைய இடப்பாதியை மேசையோடு திருகிவைத்து, எப்போதும் கணினியிலேயே விட்டிருந்தாள். சோதனைப் பாதி என்று அதற்குப் பெயர். அதிலிருந்து தொங்கும் கேபிளை ஒவ்வொரு வலப்பாதியிலும் செருகி, விசைகளை அமுக்கி, உருவி, அடுத்ததில் செருகுவாள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கணினி இணைப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சின்ன யூ.எஸ்.பி. வாய் ஒருநாள் பலகையிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கழற்றுவதே இல்லை. பண்டத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தானே?

முதல் வலப்பாதி சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பிளக் பாதி நுழைந்திருந்தபோது அவள் கை நின்றுவிட்டது.

சோதனைப் பாதியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எப்போதும் எரிகிற விளக்குதான். இத்தனை மாதமாகக் கண்ணெதிரே எரிந்த விளக்கு. அவளுக்கு முதலில் புரியவில்லை, எதைப் பார்த்துத் திடுக்கிட்டோம் என்று. பிறகு புரிந்தது, புரிந்ததும் இன்னும் குழம்பியது. எப்படி? கொட்டை எழுத்தில் எழுதியவள் நான். என் கையே எப்படி?

சோதனைப் பாதியும் ஒரு கீபோர்டு என்பதை மறந்திருந்தாள். மேசையோடு திருகிய அன்றைக்கே அது கருவியாகிவிட்டது. குறிப்புத்தாள் கீபோர்டு வாங்குகிறவர்களுக்கு. கருவிக்கு யார் குறிப்பு எழுதுகிறார்கள்?

கணினி இணைப்பைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கேபிளின் மறுநுனியையும் சோதனைப் பாதியிலிருந்து உருவி, அதன் முனையில் மீட்டரின் ஒரு கம்பியைப் பிடித்தாள். மறு கம்பியை வலப்பாதியின் ஜாக் கால்களில் மாற்றி மாற்றி வைத்தபடி, பிளக்கை நூல் நூலாக உள்ளே தள்ளினாள். பிளக்கில் நான்கு உலோகத் துண்டுகள், நடுவே கறுப்புக் கோடுகள். நுனியில் இருப்பதுதான் ஐந்து வோல்ட்டைக் கொண்டுபோவது. அடுத்த இரண்டு பேச்சுக்கு, கடைசி எர்த்துக்கு. உள்ளே நான்கு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தன. முதலில் எர்த் தகட்டில் மீட்டர் கீச்சிட்டது. பிறகு பேச்சுத் தகடு. பிறகு அடுத்த பேச்சுத் தகடு. கடைசியில்தான் தன் இடம். தன் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அந்த நுனி மூன்று வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் போகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் தட்டினால் தட்டட்டும். இருந்தால், பேசமட்டுமே தெரிந்த காலில் ஐந்து வோல்ட் நேரே இறங்கும். உருவும்போதும் அதே வழிதான். பாதியில் நின்றால் ஒரு துண்டு இரண்டு தகடுகளை ஒன்றாகத் தொட்டுக்கொண்டும் நிற்கும்.

அப்போதே செத்துப்போயிருந்தால் சோதனையிலேயே தெரிந்திருக்கும். பாதி வெந்த கால் அன்றைக்குப் பேசும், அடுத்த மாதம் ஓயும். அப்படித்தான் இருக்கவேண்டும். இல்லையோ?

மேசை இழுப்பறையைத் திறந்தாள். சோதனைப் பாதியின் சிப்பை இரண்டு முறை மாற்றியிருக்கிறாள். உழைத்து ஓய்ந்தது என்று நினைத்து மூலையில் போட்டிருந்தாள். இரண்டையும் மீட்டரில் வைத்தாள். அதே கால். அதே பூஜ்யம்.

"என்னக்கா, முகம் வெளுத்துப்போச்சு?"

"நான்தான்டி கெடுத்திருக்கேன்னு நினைக்கிறேன்."

ஓர்ப்படி சால்டரிங் இரும்பை அதன் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கேட்டுமுடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு."

"அதான் புரியல. இருபத்தேழு அனுப்பினோம். மூணுதானே திரும்பிச்சு? மத்ததெல்லாம் ஓடுதே."

"நல்லா ஓடுதா, இப்போதைக்கு ஓடிக்கிட்டிருக்குதா?"

அவள் அந்த இரண்டு சிப்பையும் மறுபடி மீட்டரில் வைத்துப் பார்த்தாள்.

பேச்சு கேட்டு வந்த கொழுந்தன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டான். நல்லவன். அண்ணி என்று ஒருமுறைகூட அழைக்காமல் அவளிடம் பேசியதில்லை. கையில் அந்த அம்மாளின் ஆபீசுக்காகத் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"அண்ணி, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கால் எதனால போயிருக்கு? மின்சாரத்தோட செருகினதாலதானே?"

"ஆமாம் தம்பி."

"அவ்வளவுதான் இதுல போட்டிருக்கேன். சரியாப் பயன்படுத்தாம, மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் செருகினதுனால பழுதுன்னு. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. வேற கீபோர்டு ஒண்ணு நானே அந்தம்மாவுக்கு அனுப்பிடறேன், சும்மாவே. அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

"கடுதாசி அவங்க ஆபீசுக்குப் போகுது தம்பி. நீ அனுப்புற கீபோர்டை அங்க மேசையில வைக்க விடமாட்டாங்க."

"நம்ம மேல தப்புன்னு எழுதினா மத்த இருபத்து நாலு பேரும் நாளைக்கே வாசல்ல நிப்பாங்க. நாமதான் கெடுத்தோம்னு நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு? சொல்லுங்க, நிச்சயமா?"

"நிச்சயமாத் தெரியல."

"பார்த்தீங்களா? அந்தம்மாவே ஒரு தடவை உருவி மாட்டியிருக்கலாம். மறந்திருக்கலாம். யார் கண்டது?"

யார் கண்டது. அவன் கேட்டதில் பொய் இல்லை. அவன் தாளில் எழுதியதில்கூடப் பாதி உண்மை. அவள் மனம் ஒரு பக்கம் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. தானும்கூடத் தெரியாமல்தானே செய்தாள், இத்தனை மாதம்? தெரியாமல் செய்தது தப்பா, தெரிந்தபின் செய்வது தப்பா? அந்த அம்மாளின் மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. தன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிளக் பிடித்த கையை.

"அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள் ஓர்ப்படி தன் கணவனிடம்.

"அவங்க ஒண்ணும் சொல்லவே இல்லையே, குழம்பிப்போயில்ல இருக்காங்க. அண்ணி, குழப்பமா இருந்தா விடுங்க, நான் இருக்கேன். ஒரு கையெழுத்துதானே?"

அவன் தாளை மேசைமேல் வைத்து, பேனாவையும் மூடி கழற்றி அதன்மேல் வைத்தான். தெருவில் எவனோ இரும்புக் கதவை ஏற்றும் ஓசை கேட்டது.

அவளுக்கு இன்னும் தெளியவில்லை. எத்தனை பேரின் கீபோர்டில் அந்தக் கால் பாதி வெந்து கிடக்கிறதோ, அதுவும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தெரியாததைத் தெரிந்ததாக எழுதச் சொல்கிறான்.

தாளை மெல்லத் திருப்பி அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இல்ல தம்பி. இதுல நான் போடல."