டீசல் வண்டி வேண்டாம்

நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் சரிதா, வடலூரில் விற்பனைக்கு நின்ற பழைய டீசல் வண்டியைச் சுற்றிவந்தாள்.

"ஒன்றரை லட்சம்தான். புது பேட்டரி வண்டி நாலு லட்சம். பேசாம இத முடி," என்றார் கணவனின் அண்ணன் சிங்காரவேல்.

"வாங்குற விலையோட முடிஞ்சிடுமா மாமா? தெனம் அறுவது கிலோமீட்டர் ஓடணும். இதுக்கு டீசல் முந்நூத்தி அறுவது ரூபா, அதுக்குக் கரண்டு அறுவது. மூணு வருசத்துல கூடுதல் விலை திரும்பிடும். பேட்டரிக்கு அஞ்சு வருசம் வாரண்டி. இது ஒர்க்‌ஷாப்புல நின்னுகினு இருந்தா கேன் யாரு போடுறது?"

"என் பேச்ச மீறினா உன் வூட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"வராதீங்க. ஓட்டப்போறது நானு."

அன்றே பேட்டரி வண்டிக்கு முன்பணம் கட்டினாள். அடுத்த வாரம் முப்பது கேன்களோடு பேட்டரி வண்டியை அவளே டவுன்ஷிப்புக்குள் ஓட்டிப்போனாள்.