நாற்பத்து மூன்று இடங்கள்

ஐந்து மணிக்குள் ஆய்வு மேற்பார்வையாளர் டாக்டர் அர்ச்சனா திருத்தப் பாரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் அமுதவள்ளிக்கு இந்த வருடம் பட்டமில்லை. மூன்றரைக்கு அவரே போனில் கூப்பிட்டார்.

"அமுதா, எக்சாமினர் டேட்டாவைப் பன்மையா எழுதச் சொன்னாரு. நீ 'டேட்டா இஸ்' எல்லாத்தையும் ஒரே தட்டுல 'டேட்டா ஆர்'னு மாத்திட்டியா?"

"ஆமா டாக்டர்."

"'தி கலெக்‌ஷன் ஆஃப் டேட்டா ஆர்'னு நிக்குது. கலெக்‌ஷன் ஒருமைமா. ஒவ்வொண்ணா பாரு. நான் ஆபீஸ்லதான் இருக்கேன்."

பண்டமாரான் ஊரில் தன் வீட்டுக் கூடத்தில் அவள் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடம் பகுதிநேரப் படிப்பு. துறைமுகத்தில் அடிபட்டவர்களைப் பற்றிய ஆய்வு.

துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவன் திருச்செல்வம் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்திருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னா பண்ணணும், சொல்லு."

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"எஸ்பிஎம் பரீட்சைல ஃபெயிலுலா. கண்ணு ஃபெயில் இல்ல."

'டேட்டா ஆர்' என்று தேடினால் நாற்பத்து மூன்று இடங்கள் வந்தன. அவன் டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டை எடுத்துத் திரையில் வைத்தான். "நடுவுல உள்ளத மறைக்கிறேன். தலையும் வாலும் சேருதான்னு நீ பாரு."

'தி டிலே இன் ரிசீவிங் டேட்டா ஆர்.' கார்டு நடுவை மூடியது. டிலே, ஆர்.

"சேரல. இஸ்."

"தி டேட்டா ஆர். மறைக்க ஒண்ணுமே இல்ல."

"அது சரி. விடுங்க."

முப்பதாவது இடத்துக்கு வரும்போது மணி நாலேகால். அவன் தன் கோப்பிக் குவளையை அவள் பக்கம் தள்ளினான்.

தேடல் நிற்காத ஒரு வரியில் அவன் கண் நின்றது. தெரிந்த ஆட்களைப் பற்றிய வரி. விரலால் தடவிப் படித்தான்: 'தி கிரைட்டீரியா யூஸ்டு டு செலக்ட் தி ஒர்க்கர்ஸ் இஞ்ஜுர்ட் அட் தி வார்ஃப் வாஸ்.'

"வள்ளி, எங்காளுங்கள எத்தன விஷயம் பாத்து எடுத்த?"

"மூணு. வயசு, சர்வீஸ், காயம்."

"மூணுன்னா ஏன் வாஸ்?"

அவள் குனிந்து பார்த்தாள். கிரைட்டீரியா பன்மை; பக்கத்தில் வார்ஃப் என்ற ஒருமைச் சொல் நின்றதால் தானே தவறியது புரிந்தது. டாக்டரும் பார்க்கவில்லை, எக்சாமினரும் பார்க்கவில்லை. 'வேர்' என்று திருத்தினாள்.

"எப்படிங்க புடிச்சீங்க?"

"எங்கூட வேல பாத்த சின்னையா அந்த வார்ஃப்லதானே அடிபட்டான். அவனப் பத்தி எழுதுனது தப்பா இருந்தா எனக்கு வலிக்கும்லா."

நாலு ஐம்பதுக்கு அனுப்பினார்கள். நாலு ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்திட்ட பாரம் வந்தது. அமுதவள்ளி அதைத் திறந்து பார்த்துவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். டீசல் நாற்றம் இன்னும் சட்டையில் இருந்தது. அவள் எழவில்லை.

"அழுதா இங்கிலீஷ் வராது," என்றான்.

"வாய மூடுங்க," என்றாள், இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு.