நூற்றுக்கு ஐந்து

பதினோரு வருடமாக ஆடிட்டர்களைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. வருவார்கள், பில்லை எடுப்பார்கள், டிக் அடிப்பார்கள், போவார்கள். எங்கள் டைல்ஸ் கம்பெனியின் கணக்கு என் கையில். பில் கேட்டால் பில், கையெழுத்து கேட்டால் கையெழுத்து. இந்த வருடம் அனுப்பாத சரக்குக்கு முப்பத்தொரு பில் போட்டிருந்தேன். அத்தனைக்கும் டெலிவரி சீட்டு பக்காவாக இருந்தது.

பாங்க் லோனுக்காக முதலாளி போடச் சொன்னார். போட்டேன். வேறு வேலை தேடும் வயதா எனக்கு? மாட்டினால் ஜெயில் என்று தெரிந்துதான் போட்டேன்.

இந்த முறை வந்த ஆடிட்டர் அம்மா ஒரு பில்லைக்கூடத் தொடவில்லை. முதல் நாள் முழுக்க லேப்டாப்பில் விகிதம் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அந்த முப்பத்தொரு பில்லையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்து வைத்தேன். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க லாபம் போன வருஷம் நூத்துக்கு இருபத்துநாலு. இந்த வருஷமும் அதே இருபத்துநாலு."

"ஆமா மேடம். மாறவே இல்லையே," என்றேன் பெருமையாக. அது மாறாமல் இருக்க எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறேன்! பொய் விற்பனைக்கு ஏற்றபடி பொய்ச் செலவையும் அளந்து அளந்து எழுதியவன் நான்.

"அதுதான் இடிக்குது. சூளைக்கு எரிக்கிற கேஸ் கால்வாசி விலை ஏறியிருக்கு. உங்க விலைப்பட்டியல் மாறல. கணக்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே, இருபதுகிட்ட இறங்கியிருக்கணும்னு எழுதி வச்சிருந்தேன். இறங்க வேண்டியது ஏன் இறங்கல?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"டீலர்கள் நாப்பது நாள்ல பணம் கட்டுவாங்க. இப்ப தொண்ணூறைத் தாண்டுது. விற்பனை அஞ்சுல ஒரு பங்கு கூடியிருக்கு, லாரி வாடகை மட்டும் அப்படியே நிக்குது. நூறு ரூபா விற்பனைக்கு ஆறு ரூபா இருந்த வாடகை இப்ப அஞ்சு."

லாரி வாடகை! பில் போட்டேன், சீட்டு போட்டேன், செலவு போட்டேன். அந்தச் சரக்கு நடந்தா போகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, மடையன்.

"டீலருங்களே... சொந்த லாரியில வந்து எடுத்துட்டுப் போனாங்க மேடம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அப்படியும் இருக்கலாம். ஆனா நீங்க சொன்னதை மட்டும் வச்சு நான் முடிக்க முடியாது. வந்த லாரி கேட் ரிஜிஸ்டர்ல இருக்குமே? அதைக் கொடுங்க. கடைசி ரெண்டு மாச பில் முழுசையும் அதோட ஒத்துப் பார்க்கணும். டீலர்களுக்கும் நேரா லெட்டர் போடறேன்."

வராத லாரி ரிஜிஸ்டரில் எப்படி இருக்கும்? கேட்டில் இருப்பது என் மாமனார். நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். என் ஒரு பொய், நேராகப் போய் அவர் மேசையில் உட்கார்ந்துவிட்டது.

முதலாளியிடம் ஓடினேன். கேட்டுவிட்டு அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உன் மாமனார்தானே? நான் பார்த்துக்கிறேன், போ," என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் போனேன். மாமா அறைக் கதவைச் சாத்தியிருந்தார். அவர் எதிரே புத்தம்புது ரிஜிஸ்டர். பழையதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"முதலாளி வந்து எழுதச் சொன்னார் மாப்ள. இல்லேன்னா உங்களைப் போலீஸ் பிடிச்சுக்கும்னார். பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்ததெல்லாம் எழுதிட்டேன். வராத லாரிக்கு என்ன நம்பர் போடறதுன்னுதான் தெரியல. நீங்களே சொல்லிடுங்க."

அவர் ஒரு நாளும் பத்து நிமிஷம்கூடப் பிந்தி கேட்டைத் திறந்ததில்லை. அந்த மனிதர் என்னிடம் பொய் நம்பர் கேட்கிறார். அதுவரை இருந்த பயம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஒரு நம்பர் சொன்னால் போதும், ஜெயிலுக்கு இரண்டு பேர்.

பேனாவை அவர் விரல்களிலிருந்து உருவினேன். இரண்டு ரிஜிஸ்டரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆடிட்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பழசுதான் நிஜம் மேடம். புதுசை எழுதச் சொல்லி கேட்ல இருக்கிற என் மாமனாரை மிரட்டியிருக்காங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. பில் போட்டது நான்."

அவர் பழைய ரிஜிஸ்டரைப் பிரித்தார். "எத்தனை லாரி வரல?"

"பொய் பில் முப்பத்தொண்ணு மேடம். அதுல ஒண்ணுக்குக்கூட லாரி வரல," என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்துவிட்டேன்.