இறுக்கிக் கட்டிய குழாய்கள்

நாகேந்திரம் அன்ட் சன்ஸ் கட்டிய எதுவும் தொய்ந்ததில்லை. வெள்ளவத்தையில் இது தெரியாதவர்கள் இருக்கலாம். நாகேந்திரத்தைச் சந்தித்த பிறகு இருக்க முடியாது.

கொட்டாஞ்சேனையில் டொக்டர் சிவக்கொழுந்து கட்டிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் குழாய் வேலை அவருடையது. டொக்டர் கொடுத்த வாக்குப்படி, வேலை முடிந்து மேற்பார்வைப் பொறியியலாளர் பர்ஸானா கையெழுத்து வைத்தால், நாகேந்திரத்தின் தகப்பனார் பெயர் பொறித்த பித்தளைப் பலகை வாசலில் ஏறும். அந்தப் பலகைக்காக அவர் தூக்கத்தையே விட்டிருந்தார்.

நிலக்கீழ்த் தளத்தின் கூரைக் காங்கிரீட்டிலிருந்து குளிர்நீர்க் குழாய்கள் கம்பிகளில் தொங்கின. மூன்று மீற்றருக்கு ஒரு கம்பி, குழாயின் பாரத்தைத் தாங்க. அதோடு, காப்புறுதிக்காரர் கேட்டுக்கொண்டதால், நிலநடுக்கத்தில் குழாய் ஊஞ்சலாடாமலிருக்க உருக்குக் கேபிள்களும் வேண்டும். பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு சோடி குறுக்காக, இருபத்துநாலு மீற்றருக்கு ஒரு சோடி நெடுக்காக. கேபிள் இழுக்குமே தவிரத் தள்ளாது, அதனால்தான் சோடி. வரைபடத்தின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது: கேபிள்கள் சற்றுத் தளர்வாக இருத்தல் வேண்டும்.

"தளர்வோ?" நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். "எங்கட வேலையில தளர்வு எண்டு ஆராவது கேள்விப்பட்டிருக்கினமோ? அழகுமுத்து, எல்லாத்தையும் இறுக்கும். பன்னிரண்டு மீற்றர் எண்டது கஞ்சன் கணக்கு. தொங்குற ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு சோடி போடும்."

"முதலாளி, பம்புக்குப் பக்கத்துக் கம்பியெல்லாம் ஸ்பிரிங்கில தொங்குது," என்றார் மேற்பார்வையாளர் அழகுமுத்து. "கேபிள இறுக்கிப்புட்டா அப்புறம் ஸ்பிரிங் எதுக்கு?"

"ஸ்பிரிங் தன்ர வேலையைப் பாக்கட்டும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

அழகுமுத்து பார்த்தார். கேபிள்கள் தட்டினால் ஒலிக்குமளவு விறைத்தன. குளிர்காற்று போகும் தகரக் குழாய் கூரையோடு ஒட்டி, ஒரு அடிக்கும் குறைந்த நீளக் கம்பிகளில் தொங்கியதால் அதற்குக் கேபிள் வேண்டாம் என்று வரைபடம் விலக்கு அளித்திருந்தது. நாகேந்திரம் அளிக்கவில்லை. அதையும் கட்டுவித்தார்.

பரிசோதனை நாளன்று காலை பத்து மணிக்குப் பம்பை ஓட்டினார்கள்.

பம்பறைக்கு நேர் மேலே டொக்டர் சிவக்கொழுந்தின் அலுவலகம். முதலில் அவருடைய தேநீர்க் கோப்பை பீரிசில் கிலுகிலுத்தது. பிறகு மேசை. பிறகு கதிரை வழியாக டொக்டரே.

"நிலநடுக்கம்!"

ஆஸ்பத்திரி முழுவதும் தெருவுக்கு ஓடியது. கணக்காளர் கதிரையோடு ஓடினார். டொக்டர் மட்டும் நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கி வந்து, மேலே பார்த்தார். ஒரு குழாய்கூட விழவில்லை.

"நாகேந்திரம்!" அவர் கண்கள் கலங்கிவிட்டன. "கேபிள் வீண் செலவெண்டு நினைச்சனான். நீர் எங்களைக் காப்பாத்திப் போட்டீர். பலகையை இண்டைக்கே அடிப்பம்."

நாகேந்திரம் மார்பை நிமிர்த்தினார். வாயைத் திறப்பதற்குள், குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்ற பர்ஸானா திரும்பினார்.

"அழகுமுத்து, பம்ப நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். நிலநடுக்கமும் நின்றது.

டொக்டர் சிவக்கொழுந்து பம்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சுவிச்சில நிக்கிற நிலநடுக்கமும் இருக்கோ, பிள்ளை?"

"இது அங்கிள் கட்டின நிலநடுக்கம்," என்றார் பர்ஸானா. "பம்பிட ஆட்டம் மேல போகாம இருக்கத்தான் ஸ்பிரிங். இறுகின கேபிள் ஒவ்வொண்டும் அந்த ஆட்டத்த நேரா காங்கிரீட்டுக்குக் கொண்டு போகுது. கேபிள் கொஞ்சம் தொய்ஞ்சு இருந்தா, சும்மா நாள்ல தொடாது. பூமி ஆடினா மட்டும் பிடிக்கும். இப்பிடி இருந்தா நான் சைன் பண்ண ஏலாது. எல்லாரும் வரைபடத்தப் பார்த்தீங்கதானே? ஆரு இறுக்கச் சொன்னது?"

அழகுமுத்து தன் சப்பாத்துகளை ஆராய்ந்தார். அவர்மேல் பழியைப் போட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. கேபிளைச் சரிசெய்ததும் பலகையும் மாசில்லாமல் ஏறிவிடும். நாகேந்திரம் அதை நினைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் கூலிக்கு நின்றவன் தலையில் தன் பிழையைக் கட்டியவன் என்ற பெயரோடு தகப்பனாரின் பெயரை எப்படி வாசலில் அடிப்பது?

"நான்தான்," என்றார், ஏதோ விருதுக்குப் பெயர் வாசித்ததுபோல. "அழகுமுத்து வேண்டாமெண்டவர். ஸ்பானரைத் தாரும்."

கோட்டைக் கழற்றி, ஏணியில் ஏறி, முதல் கேபிளைத் தாமே தளர்த்தினார். விரலால் தொட்டதும் அது இலேசாக ஆடியது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இன்னும் கொஞ்சம், அங்கிள்," என்றார் பர்ஸானா.

"இன்னுமோ!"

மாலை நாலு மணிக்கு மறுபடி பம்பு ஓடியது. மேலேயிருந்து டொக்டர் தொலைபேசியில் கூவினார்: "தேத்தண்ணி அசையேல்லை!" பர்ஸானா கையெழுத்து வைத்தார்.

தேவைக்கு மேல் கட்டிக் கழற்றிய கேபிள்கள் தரையில் குவிந்து கிடந்தன.

"முதலாளி, இதையெல்லாம் என்ன செய்ய?"

"வான்ல ஏத்தும்," என்றார் நாகேந்திரம் கோட்டை மாட்டிக்கொண்டு. "வெள்ளவத்தையில ஆரும் கேட்டால், அடுத்த வேலைக்கு வாங்கினதெண்டு சொல்லும்."