பன்னிரண்டு சதவீதம்

உளுந்தூர்பேட்டையில் மறியல். தனி இடஒதுக்கீடு கேட்டு காலையிலிருந்தே கூட்டம் சாலையில் உட்கார்ந்திருந்தது. சென்னையிலிருந்து கிளம்பிய முதலீட்டாளர்களின் கார் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அந்தத் தாமதம் மட்டும் இல்லையென்றால், ராதிகா ஆலைக் கணக்கின் அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை பார்த்தே இருக்க மாட்டாள்.

ராதிகா ஆடிட்டர். கள்ளக்குறிச்சி கடைவீதியில் மாடி அறை ஒன்றில் ஆபீஸ். கட்டடம் சுப்புராயனுடையது. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலையும் அவருடையதுதான். ஆலையில் ஆறு கோடி போட வந்துகொண்டிருந்தார்கள் சென்னைக்காரர்கள். சுப்புராயன் அவர்களுக்குக் காட்டிய விளக்கப் படங்களில் உள்ள எண்கள் சரியா என்று பார்க்க, உள்ளூரில் ராதிகாவை அவர்களே அமர்த்தியிருந்தார்கள். அவள் ‘சரி’ என்றால் இன்றைக்கே கையெழுத்து.

ஏழாம் பக்கம். விற்பனை, 2015-16இல் பத்துக் கோடி. 2019-20இல் இருபது கோடியே எழுபத்து நான்கு லட்சம். கீழே கொட்டை எழுத்தில்: ஆண்டுக் கூட்டு வளர்ச்சி 12 சதவீதம். அதாவது ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிடப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல்.

ராதிகா மேசைக் கால்குலேட்டரை இழுத்தாள். முடிவை ஆரம்பத்தால் வகுத்தாள். 2.074. படத்தில் ஐந்து வருடங்கள் இருந்தாலும் நடுவே வளர்ந்தது நான்கு தடவைதான். ஒரு வருடத்துக்கு எத்தனை மடங்கு என்று அறிய வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் போதும். தட்டினாள். 1.44. மறுபடி தட்டினாள். 1.20.

இருபது சதவீதம்.

ஐந்து என்று தப்பாக எண்ணிவிட்டார்களோ? கணினியில் போட்டுப் பார்த்தாள். அப்போதும் பதினைந்தரைக்கு மேல். பன்னிரண்டு எப்படியும் வரவில்லை.

பணம் கேட்கிறவன் வளர்ச்சியைக் கூட்டித்தான் சொல்வான். குறைத்துச் சொல்கிறவனை அவள் பார்த்ததில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்துச் சுப்புராயனுக்குப் போன் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

பத்தே நிமிடத்தில் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, இரண்டு போன். கூட வந்த இரண்டு ஆட்கள் கீழே படி வாசல் ஷட்டர் பக்கம் நின்றார்கள்.

“இன்னாம்மா இது, நமக்கு நாமே கம்மியா போட்டுக்கினு இருக்கோம்? நல்லவேளை நீ பாத்த. இருபதுன்னு மாத்திடு. கையெழுத்த போடு.”

சிரித்துக்கொண்டே சொன்னார். ராதிகாவும் சிரிக்கப் போனாள். கை மட்டும் நிற்கவில்லை. பத்தோடு பன்னிரண்டு பன்னிரண்டு சதவீதமாக நான்கு தடவை கூட்டிக்கொண்டே போனது. 11.20. 12.54. 14.05. 15.74.

எழுபத்து நான்கு. புள்ளிக்குப் பின்னால் இருந்த லட்சங்கள் அப்படியே இருந்தன. முன்னால்தான் பதினைந்து இருபதாகியிருந்தது.

“அண்ணா, பன்னெண்டு சரின்னா கடைசி வருஷ விற்பனை பதினஞ்சே முக்கால் கோடிதான் வருது.”

சுப்புராயனின் சிரிப்பு நின்றது. நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்தார்.

“கலையரசன் உன்கிட்ட பேசினானா?”

கலையரசன் ஆலையின் கணக்கர். படங்களைத் தயாரித்தவன். ராதிகா அவனோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் அந்தக் கேள்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: எண் திருத்தப்பட்டது, அதைக் கலையரசன் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று இவர் நினைக்கிறார். இவள் இப்போது தடுமாறினால் அடி அவன் மேல் விழும். கீழே நிற்கும் ஆட்கள் எதற்கு என்பதும் புரிந்தது.

கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினாள். 

“யாரும் பேசல. நீங்களே போடுங்க. இந்தப் பக்கத்துல இருக்கற மூணு எண்ணு போதும்.”

வகுக்கச் சொன்னாள். வர்க்கமூலத்தை இரண்டு தடவை தட்டச் சொன்னாள். பிறகு பத்தில் ஆரம்பித்து, 1.12ஆல் நான்கு தடவை பெருக்கச் சொன்னாள். தடித்த விரல் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தியது. 15.74 வந்ததும் விரலை எடுத்தார்.

“அவன் சரியாத்தான் குடுத்தான்,” என்றார் மெதுவாக. “பதினஞ்ச இருபதாக்கினது நான். கீழ இருக்கற பன்னெண்ட மாத்தணும்னு தோணல.”

 வரி அலுவலகத்துக்குப் போட்ட விற்பனைக் கணக்கைக் காட்டினால் பார்க்கிறேன் என்றாள். காட்ட மாட்டார் என்று தெரிந்தே கேட்டாள்.

“இந்த ரூமுக்கு எட்டு வருஷமா வாடகைய ஏத்தல நானு,” என்றார் அவர்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. சென்னைக்காரர். மறியல் முடிந்துவிட்டது, தியாகதுருகம் தாண்டிவிட்டோம், அறிக்கை தயாரா என்று கேட்டார். சுப்புராயன் கண் கொட்டாமல் அவளைப் பார்த்தார்.

“ஏழாம் பக்கத்துல ஆரம்பமும் முடிவும் வெச்சுப் பாத்தா இருபது வருது சார். போட்டிருக்கறது பன்னெண்டு. முடிவு எண்ணுக்கு ஆதாரம் இல்ல. நான் சான்று தர மாட்டேன். அறிக்கைய இப்பவே அனுப்பறேன்.”

அனுப்பும் பொத்தானை அவர் கண்ணெதிரே அழுத்தினாள்.

சுப்புராயன் எழுந்தார். கத்தவில்லை. கையை நீட்டி அறைச் சாவியைக் கேட்டார். அவள் கொடுத்தாள். படியில் இறங்கிக்கொண்டே கீழே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். ராதிகா கணினியைப் பைக்குள் திணித்து, படி வாசலுக்கு ஓடுவதற்குள், அவளை உள்ளே வைத்தே ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள்.